கையெழுத்துப் போடுபவரிடம் அழைத்துப் போகச் சொல்வது எப்படி?

ஒரு நிறுவனத்துக்குப் பொருள் விற்கப் போகிறவர் அங்கே மாதக்கணக்கில் பேசிப் பழகும் ஆளும், கடைசியில் செலவுக்குக் கையெழுத்துப் போடும் ஆளும் பெரும்பாலும் வேறு வேறு. ஃபிரெடரிக் வெப்ஸ்டர், யோரம் விண்ட் என்ற இரு பேராசிரியர்கள் 1972இல் நிறுவனங்கள் எப்படி வாங்குகின்றன என்பதை ஆராய்ந்து எழுதியபோது, ஒரே கொள்முதலில் ஐந்து பங்குகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், கருத்துச் சொல்லி முடிவைத் திருப்பக்கூடியவர் ஒருவர், விலை பேசி ஆர்டர் போடுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர், யார் உள்ளே போய் யாரைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பவர் ஒருவர். சிறிய நிறுவனத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று பங்கைச் சுமப்பார். விற்பவருக்கு முதலில் கிடைக்கும் தொடர்பு பெரும்பாலும் பயன்படுத்துபவர் அல்லது விலை பேசுபவர். அவர் ‘வேண்டாம்’ என்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘சரி’ என்றால் முடிவதில்லை. அதற்கு மேல் இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டும்.

கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். நூலை இணைக்கும் ஆட்டோகோனர் மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தேவை; அதை 75 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்று இரவு பகலாகக் கொடுக்கிறது. காற்றுத் தேவை குறையும்போது அந்த மெஷின் நிற்பதில்லை. காற்றை அமுக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டு, முழுச் சுமையில் இழுக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அப்போதும் இழுக்கும். விற்பவர் ஒரு வாரம் அளவுமானி பொருத்திப் பார்த்ததில், நூற்றுக்கு 35 பங்கு நேரம் அது இப்படி வெறுமனே ஓடுகிறது என்று தெரிகிறது. வெறும் ஓட்டத்தில் 22 கிலோவாட் என்று வைத்தால், ஆண்டுக்கு 340 நாள் ஓடும் ஆலையில் சுமார் 62,800 யூனிட் வீண். யூனிட் 8 ரூபாய் என்றால் 5 லட்சம். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கம்ப்ரஸர் போட்டால் அதில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம். விலை 18 லட்சம், ஆண்டு மிச்சம் நாலரை லட்சம் என்று வைத்தால் நாலு வருடத்தில் போட்ட பணம் திரும்பும்.

இந்தக் கணக்கை மெயின்டனன்ஸ் மேனேஜர் ஒப்புக்கொள்கிறார். மெஷினும் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் தன் பொறுப்பில் 50,000 ரூபாய் வரை உதிரிபாகம் வாங்கலாம். அதற்கு மேல் ஜெனரல் மேனேஜர், 2 லட்சத்துக்கு மேல் எம்.டி. ஆகவே அவர் சொல்லும் பதில், “கொட்டேஷனைக் குடுத்துட்டுப் போங்க சார், மேல பேசிட்டுச் சொல்றேன்.”

பேச்சு நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். மேனேஜர் அக்கறையில்லாதவர் என்பதல்ல காரணம். அவர் எம்.டி. அறைக்குள் நிற்பது ஐந்து நிமிடம். அதில் மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை, ஒரு ரிங்ஃபிரேம் பழுது என நாலு விஷயம் பேச வேண்டும். கம்ப்ரஸர் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் எம்.டி. காதில் முதலில் விழுவது 18 லட்சம் என்ற எண். ‘இப்ப ஓடுற மெஷின் நல்லாத்தானே ஓடுது?’ என்று அவர் கேட்பார். ‘தவணையில் கொடுப்பார்களா? பழைய மெஷினை என்ன செய்வது?’ என்று அடுத்த கேள்வி வரும். இவற்றுக்குப் பதில் விற்பவரிடம் இருக்கிறது, மேனேஜரிடம் இல்லை. ‘கேட்டுச் சொல்றேன்’ என்று அவர் வெளியே வந்துவிட்டால், மறுபடி அந்தப் பேச்சை எடுக்க அவருக்கே சங்கடமாக இருக்கும். விற்பவருக்கு வரும் சேதி ‘இந்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க’ என்பது மட்டும்.

ஆகவே எம்.டி.யை நேரில் பார்த்தாக வேண்டும். ஆனால் அதற்கு முன் முடிவெடுப்பவர் எம்.டி.தானா என்று தெரிய வேண்டும். ‘நீங்கதான் முடிவு பண்ணுவீங்களா?’ என்று நேரடியாகக் கேட்பது பெரிய தவறு. கௌரவத்துக்காக ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்; அப்படிச் சொன்னவர் பிறகு உங்களை மேலே அழைத்துப் போகவே முடியாது. ஆளைப் பற்றிக் கேட்காமல் நடைமுறையைப் பற்றிக் கேட்பதே சரியான வழி. “போன தடவை இந்த அளவுக்கு ஒரு மெஷின் வாங்கினீங்களே, அது எப்படிப் போச்சுங்க சார்? முதல்ல யார் பார்த்தாங்க, கடைசியில எங்க நின்னுச்சு?” இப்படிக் கேட்டால் அவர் கதையாகச் சொல்வார். அந்தக் கதையில் மூன்று நான்கு பெயர்கள் வரும். குடும்ப நிறுவனங்களில் எதிர்பாராத பெயரும் வரும்: எம்.டி. கையெழுத்துப் போட்டாலும் ஆடிட்டர் தலையாட்டாமல் எதுவும் நகராது என்றோ, தறி, மெஷின் விஷயமெல்லாம் சின்னவர்தான் பார்க்கிறார் என்றோ தெரியவரும். பதவிப் பெயரை வைத்து ஊகித்தால் இது கிடைக்காது.

எப்போது கேட்பது என்பதில்தான் பெரும்பாலான விற்பனையாளர்கள் சறுக்குகிறார்கள். கொட்டேஷனைக் கொடுத்துவிட்டு, பதில் வராமல் இரண்டு மாதம் காத்திருந்து, பிறகு ‘எம்.டி.யைப் பார்க்க முடியுமா?’ என்று கேட்கிறார்கள். அப்போது அந்தக் கேள்விக்கு ‘உங்களால் முடியவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பொருள் வந்துவிடுகிறது. விற்பவரிடம் கொடுப்பதற்கும் அதற்குள் எதுவும் மிச்சமில்லை. அளவுமானி பொருத்தும் முன்பே கேட்டால் நிலைமை வேறு. ஒரு வாரம் ஆள் போட்டு இலவசமாக அளந்து தருவது விற்பவருக்குச் செலவு. அதற்கு ஈடாக, முடிவு வந்ததும் எம்.டி.யோடு அரை மணி நேரம் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. “அளந்து முடிச்சதும் அந்த ரிப்போர்ட்டை நீங்களும் நானுமா எம்.டி. சார்கிட்ட வெச்சிடலாங்களா?” என்பது அந்த நேரத்தில் இயல்பான கேள்வி.

நேரம் தப்பிவிட்டது, கொட்டேஷன் ஏற்கெனவே போய்விட்டது என்றாலும் கேட்கலாம். அப்போது சொல்லில் கவனம் தேவை. மேனேஜரின் மனதில் மூன்று பயங்கள் இருக்கும். தன்னைத் தாண்டிப் போகிறார்கள் என்பது ஒன்று. எம்.டி. முன்னால் தனக்குத் தெரியாத ஏதாவது வெளியே வந்து தலைகுனிவு ஆகுமோ என்பது இன்னொன்று. நாளை மெஷின் சரியாக ஓடாவிட்டால் ‘நீதானே கூட்டிட்டு வந்தே’ என்ற பேச்சு தன் மேல் விழும் என்பது மூன்றாவது. கேட்கும் விதம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். உதாரணமாக:

“சார், மெஷின் பத்தி நீங்க எம்.டி. சார்கிட்ட சொன்னாப் போதும். ஆனா பேங்க் தவணை, பழைய மெஷின் இதெல்லாம் கேட்பாரு. அது எங்க பக்கம் சொல்ல வேண்டியது, உங்க தலையில அந்தப் பாரத்தை ஏத்தக் கூடாது. நீங்க உக்காந்து பேசுங்க, பணக் கணக்கு வர்றப்ப நான் பதில் சொல்றேன். என்ன பேசப் போறோம்னு முந்தின நாளே ஒரு பக்கத்துல எழுதித் தந்துடறேன். நீங்க திருத்திக் குடுங்க.”

இந்தப் பேச்சில் மேனேஜர் தன் இடத்திலேயே இருக்கிறார், எம்.டி. முன்னால் யோசனையைக் கொண்டுவந்தவர் அவரே. முன்கூட்டியே தாளைப் பார்ப்பதால் அறைக்குள் அவருக்குத் தெரியாத எதுவும் வெளிவராது. மெஷின் பழுதானால் என்ன என்ற பயத்துக்கும் அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும்: பழைய கம்ப்ரஸரை விற்காமல் ஸ்டாண்ட்பையாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி போதும். புது மெஷின் ஒரு நாள் நின்றாலும் ஆட்டோகோனர் நிற்காது. பழைய மெஷினை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்ற சலுகையைவிட இந்த வரிதான் மேனேஜருக்குப் பெரிது.

சந்திப்பில் எம்.டி.யிடம் பேசும் மொழி வேறு. பார் அழுத்தம், காற்றோட்ட அளவு எல்லாம் மேனேஜரோடு முடிந்துவிட்டன. இங்கே ஆண்டுக்கு வீணாகும் 5 லட்சத்தில் தொடங்கி, அதில் எவ்வளவை உறுதியாகத் திரும்பப் பெறலாம், தவணை மாதம் எவ்வளவு, மின்கட்டண மிச்சம் மாதம் எவ்வளவு என்று வந்தால் போதும். 18 லட்சத்துக்கு மூன்று வருடத் தவணை போட்டால், வட்டியைச் சேர்க்காமலே மாதம் 50,000 ரூபாய். மிச்சம் மாதம் 37,500 ரூபாய். மூன்று வருடம் வரை மில் கையிலிருந்து போடத்தான் வேண்டும், அதன் பிறகுதான் லாபம். இதை விற்பவரே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எம்.டி. எப்படியும் ஆடிட்டரைக் கேட்பார். அங்கே வெளிவந்தால் கணக்கு முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும், மேனேஜரின் பெயரும் கூடவே கெடும்.

அழைத்துப் போக மேனேஜர் மறுத்தால், காரணத்தைப் பொறுத்து அடுத்த அடி. எம்.டி. வெளி ஆட்களைப் பார்ப்பதில்லை என்பது உண்மையாக இருந்தால், எம்.டி. கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை மேனேஜரிடமே கேட்டு வாங்கி, பதிலோடு ஒரு பக்கக் குறிப்பாகத் தரலாம். விற்பவரின் நிறுவன உரிமையாளரை ஒரு முறை அழைத்து வருவதும் பலன் தரும். உரிமையாளர் வருகிறார் என்றால் எம்.டி. பார்ப்பது மரியாதை. மேனேஜர் தேதி மாற்றிக்கொண்டே போகிறார், யார் முடிவெடுப்பார் என்ற கேள்விக்கும் வழுக்குகிறார் என்றால், அவருக்கே இதில் விருப்பமில்லை அல்லது வேறு விற்பனையாளர் மனதில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது மேலே போவதற்கு முன் அவருடைய தயக்கம் என்ன என்று கேட்பதே முதல் வேலை. அவருக்குத் தெரியாமல் எம்.டி.க்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது அவர் மேசைக்கே திரும்பி வரும். ‘இதைப் பாருங்க’ என்று எம்.டி. எழுதி அனுப்பியிருப்பார். அதன் பிறகு அந்த ஆலையில் அவர் இருக்கும் வரை கதவு திறக்காது.

அரசுத் துறைகளில் இந்த முறை எதுவும் பொருந்தாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. டெண்டர் திறந்த பிறகு முடிவெடுக்கும் அதிகாரியைத் தனியே பார்க்க ஒருவரை அறிமுகம் செய்யச் சொல்வது விற்பவரையும் அந்த அதிகாரியையும் சிக்கலில் மாட்டும். அங்கே கேள்வி கேட்கும் இடம் டெண்டருக்கு முந்தைய கூட்டம்தான்.

தனியார் ஆலையில் எம்.டி. சம்மதித்து ஆர்டர் வந்த பிறகும் ஒரு கட்டுப்பாடு தொடர வேண்டும். எம்.டி.யின் எண் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மெஷின் இறக்கும் நாள், பில் பாக்கி, சர்வீஸ் என எல்லாவற்றுக்கும் அவரையே அழைக்கக் கூடாது. எதுவானாலும் முதல் அழைப்பு மெயின்டனன்ஸ் மேனேஜருக்குத்தான் போக வேண்டும். அடுத்த மெஷினுக்கும் எம்.டி.யின் அறைக் கதவைத் தட்டித் திறந்துவிடப் போகிறவர் அவர்.