வாலட்டில் முடங்கிய பணம்

மொபைல் வாலட்டில் 3,200 ரூபாய் கிடக்கிறது. ‘கேஒய்சி நிலுவை’ என்று திரை மறிக்கிறது. சிக்கல் பெயரில் இருக்கலாம். ஆதாரில் ‘செல்வி மு’, பான் கார்டில் ‘முருகன் செல்வி’ என்றிருந்தால் கணினி இரண்டையும் ஒரே ஆளாக ஏற்காமல் போகலாம்.

போனில் கெஞ்சாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். வாலட் எண், இருப்புத் தொகை, ஆவணம் கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். “நிராகரித்த காரணத்தை எழுத்தில் தாருங்கள். சரிபார்க்க முடியாவிட்டால் கணக்கை மூடி, பணம் வந்த வங்கிக் கணக்கிற்கே திருப்பி அனுப்புங்கள்” என்று எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ‘முடக்கத்தை நீக்குகிறேன்’ என்று ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள்.