மூன்றும் ஒரே மூலம் என்றால்

0, 2, 16 என்று தொடங்கும் ஒரு தொடரில், அடுத்த எண் முந்தைய மூன்றிலிருந்து பிறக்கிறது:

aₙ = 6aₙ₋₁ − 12aₙ₋₂ + 8aₙ₋₃

அடுத்தவை 72, 256. பதினோராவது உறுப்பு a₁₀ வேண்டுமானால்?

மூன்று எண்களை ஒரே நிரலாக அடுக்கினால், ஒவ்வோர் அடியும் ஓர் அணிப் பெருக்கல்தான். அணி A-யின் முதல் நிரை 6, −12, 8. அடுத்தவை 1, 0, 0. பிறகு 0, 1, 0. ஆக, Aⁿ தெரிந்தால் போதும்.

வழக்கமாக அணியை மூலைவிட்ட வடிவாக்கி அடுக்கேற்றுவார்கள். இங்கே அது நடக்காது. சிறப்பியல்புச் சமன்பாடு (x−2)³ = 0; மூலம் 2 மும்முறை வந்தும், கிடைக்கும் ஐகன் திசை (4, 2, 1) ஒன்றே.

ஆனால் இந்தக் குறையே கணக்கைச் சுருக்கிவிடுகிறது. A = 2I + N என்று பிரித்தால் N³ பூச்சியம்; ஈருறுப்பு விரிவு மூன்றே உறுப்புகளில் நின்றுவிடும்:

Aⁿ = 2ⁿI + n2ⁿ⁻¹N + (n(n−1)/2)2ⁿ⁻²N²

இதைத் தொடக்க நிரல் (16, 2, 0) மீது செலுத்தினால், கடைசி இடத்தில் I தருவது 0, N தருவது 2, N² தருவது 8. கூட்டினால் n2ⁿ + n(n−1)2ⁿ, அதாவது n²2ⁿ. மூலம் திரும்பத் திரும்ப வரும்போது விடையில் n, n² தலைகாட்டுவதன் காரணம் இந்த ஈருறுப்புக் கெழுக்கள்தான்.

a₁₀ = 100 × 1024 = 1,02,400. சரிபார்க்க n = 3 போட்டால் 9 × 8 = 72.