முறையைக் கேட்கும் தேர்வு, அனுபவத்தைக் கேட்கும் தேர்வு

திட்ட மேலாளர் வேலைக்கான விளம்பரங்களில் ‘பிரின்ஸ்2 அல்லது பி.எம்.பி. சான்றிதழ் அவசியம்’ என்று அடிக்கடி பார்க்கலாம். இரண்டும் ஒரே சரக்கு, கடைதான் வேறு என்று நினைத்துவிடத் தோன்றும். உண்மையில் இரண்டும் சோதிப்பது வேறு வேறு விஷயங்களை.

பிரின்ஸ்2 ஒரு குறிப்பிட்ட வேலைமுறை. பிரிட்டிஷ் அரசு தன் கணினித் திட்டங்களைக் கட்டுக்குள் வைக்க 1989இல் பிரின்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1996இல் அதை எல்லா வகைத் திட்டங்களுக்கும் பொருந்தும்படி மாற்றி பிரின்ஸ்2 ஆக்கினார்கள். சான்றிதழில் இரண்டு படிகள். முதல் படியான ஃபவுண்டேஷனில் 60 நிமிடத்தில் 60 கேள்விகள். யாருக்கு என்ன பொறுப்பு, எந்த ஆவணம் எதற்கு என்று அந்த முறையின் அடிப்படை தெரிந்தால் போதும். முன் அனுபவம் கேட்க மாட்டார்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவரும் எழுதலாம்.

அடுத்த படியான பிராக்டிஷனரின் தன்மையே வேறு. அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், ஆனாலும் எளிதல்ல. ஒரு கற்பனைத் திட்டத்தைக் கொடுத்து, அதற்குள் முறையைப் பொருத்திக் காட்டச் சொல்வார்கள்.

ஒரு மருத்துவமனை தன் நோயாளிப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுகிறது என்று வையுங்கள். இப்போது நடக்கும் கட்டத்துக்குத் திட்டக் குழு 10 வாரம் கொடுத்திருக்கிறது. ஒரு வாரம் முன்பின் ஆனால் பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கிறது. இந்த விட்டுக்கொடுப்புக்கு டாலரன்ஸ் என்று பெயர். ஆறாவது வாரத்தில், பழைய பதிவுகளை மாற்றும் வேலை இழுத்துக்கொண்டு போகிறது, கட்டம் முடிய 12 வாரம் ஆகும் என்று தெரிகிறது. திட்ட மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

களத்தில் பழுத்தவருக்குக் கை பரபரக்கும். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வரவைப்பார், ஒப்பந்தக்காரருக்கு போன் போடுவார், எப்படியோ 11 வாரத்துக்குள் அடக்கிவிடலாம் என்று பார்ப்பார். தேர்வு எதிர்பார்க்கும் விடை அதுவல்ல. கணிப்பு டாலரன்ஸைத் தாண்டிய உடனே முடிவெடுக்கும் அதிகாரம் மேலாளரிடம் இல்லை. விலகல் அறிக்கை எழுதி, என்னென்ன வழிகள் உண்டு என்று காட்டி, திட்டக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். திட்டத்தைத் தொடர்வதா, திருத்துவதா, நிறுத்துவதா என்று குழு சொல்லும். அதே தாமதம் பத்தரை வாரமாக இருந்தால், மேலாளரே சரிசெய்துவிட்டு, வழக்கமான முன்னேற்ற அறிக்கையில் குறிப்பிட்டால் போதும். நல்ல அனுபவசாலிகள் இந்தத் தேர்வில் தடுக்கி விழுவது இங்கேதான்: தங்கள் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறார்கள், தேர்வோ முறைக்குள்ளிருந்து கேட்கிறது.

ஆனால் பிராக்டிஷனர் என்ற பெயரைப் பார்த்து, இவர் திட்டங்களை நடத்தியவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு திட்டத்தைக்கூடத் தொடாதவரும் இரண்டாம் படியைத் தாண்டலாம். அப்படி வந்தவர் வேலையில் சறுக்கும் விதமும் தெரிந்ததுதான்: மூன்று பேர் இரண்டு மாதம் செய்யும் சிறு வேலைக்கும் கையேட்டில் உள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும் எழுதிக் குவிப்பார். திட்டத்துக்கு ஏற்ப முறையை வெட்டித் தைத்துக்கொள் என்பது பிரின்ஸ்2இன் ஏழு கொள்கைகளில் ஒன்று என்பது அவருக்கு மறந்தேபோயிருக்கும்.

பி.எம்.பி.யில் தேர்வு அறைக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு 1984 முதல் வழங்கிவரும் சான்றிதழ் இது. பட்டதாரி என்றால் 36 மாதமாவது திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. நடத்தியது என்றால் நடத்தியதுதான். குழுவில் ஒருவராக நிரல் எழுதியது கணக்கில் வராது. ஒரே மாதத்தில் இரண்டு திட்டங்களைப் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது என்று தெம்பாக உட்காருகிறவர்கள் படிவத்தை நிரப்பும்போது 36 மாதம் தேறாமல் விழிப்பது இதனால்தான்.

இந்தத் தேர்வில் ஒரே முறையின் விடை என்று எதுவும் கிடையாது. அதே மருத்துவமனைத் தாமதத்தை இங்கே கேட்டால், முதலில் பாதிப்பை அளந்து பார்ப்பீர்களா, குழுவோடு பேசுவீர்களா என்கிற மாதிரி போகும் கேள்வி. நான்கு விடைகளுமே நியாயமாகத் தெரியும்.

பிரிட்டிஷ் அரசுத் துறைகளோடு வேலை செய்யும் நிறுவனம் என்றால் அங்கே பேசப்படும் மொழி பிரின்ஸ்2தான்; அனுபவம் சேராத இளைஞருக்கு ஃபவுண்டேஷன் நல்ல தொடக்கம். பின்னாளில் பி.எம்.பி. எழுதும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு திட்டத்தின் தொடக்க, முடிவுத் தேதிகளையும், அப்போதைய மேலதிகாரியின் தொடர்பு விவரத்தையும் இன்றே எழுதி வையுங்கள். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பார்கள்; நீங்கள் சொன்ன அனுபவம் உண்மை என்று அந்த மேலதிகாரி உறுதி கூற வேண்டியிருக்கும். அதற்குள் அவர் வேலை மாறி எங்கோ போயிருப்பார்.