கன்னத்தில் வெளிறிய வட்டங்கள்: பெற்றோர் பயப்பட வேண்டாம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், ஒரு தாயார் தம் எட்டு வயது மகளுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளையின் இரு கன்னங்களிலும் எட்டணாக் காசு அளவில் வெளிறிய வட்டங்கள். "வெண்குஷ்டம்னு சொல்றாங்க, பொம்பளப் பிள்ளையாச்சே" என்று கண்கலங்கினார். சென்னைக்குப் போய் வைத்தியம் பார்க்க உதவித்தொகை கேட்டே வந்திருந்தார். அதற்குள் பூச்சி மருந்து இருமுறை கொடுத்தாகிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பும் ஒரு டியூப் தீர்ந்திருந்தது.

சென்னைக்கு அனுப்பும் முன் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டச் சொன்னோம். மருத்துவர் முதலில் வட்டத்தின் மீது விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். தவிடு போல நுண்ணிய செதில் தட்டுப்பட்டது. வட்டத்தின் ஓரம் கோடு போட்டது போல இல்லாமல் சுற்றியுள்ள நிறத்தோடு மங்கிக் கலந்திருந்தது. பிள்ளையின் கைகளும் வறண்டிருந்தன. வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று கேட்டார். மூத்த மகனுக்கு உண்டு என்றார் உம்மா. பிறகு அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கை முகத்தில் காட்டினார். வெண்புள்ளியாக இருந்தால் அந்த ஒளியில் சுண்ணாம்பு போலப் பளிச்சென்று தெரியும். இங்கே அப்படித் தெரியவில்லை.

இதன் பெயர் பிட்டிரியாசிஸ் ஆல்பா. நம் வீடுகளில் தேமல் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் இதுவும் ஒன்று. வறண்ட தோலில் வரும் லேசான கரப்பான் வகை இது. மூன்று வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். தொடக்கத்தில் இலேசாகச் சிவந்திருக்கும். அது அடங்கும்போது அந்த இடத்தில் நிறமி குறைந்து வெளிறிவிடும். வெயிலில் விளையாடும்போது சுற்றியுள்ள தோல் கறுக்கும், அந்த வட்டம் மட்டும் கறுக்காது. அதனால்தான் விடுமுறைக்குப் பின் திடீரென்று வந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் வட்டம் முன்பே இருந்தது; வெயில் அதை எடுத்துக் காட்டியது. வயிற்றுப் பூச்சியால் இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. மதரஸாவில் பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்கவோ தனித் துண்டு கொடுக்கவோ தேவையில்லை.

மருத்துவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. முகத்திற்குக் காரமான சோப்பு வேண்டாம். ஒளுச் செய்யும்போது தண்ணீரே போதும். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள்ளும், இரவு படுக்கும் முன்பும் பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகத் தடவ வேண்டும். நடுப்பகல் வெயிலில் குடையோ தொப்பியோ வேண்டும். சிவப்போ அரிப்போ இருந்தால் மட்டும் மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்கு மருத்துவரே எழுதித் தருவார். கடையில் வாங்கிய அந்தக் களிம்பைப் பார்த்ததும் உடனே நிறுத்தச் சொன்னார். அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது. அதை முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், சிவக்கும், இன்னும் வெளிறவும் செய்யும்.

மூன்று வாரத்தில் சொரசொரப்பு போனது. ஆனால் நிறம் திரும்ப ஐந்து மாதம் ஆனது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து மருந்தை மாற்றுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு நிறம் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அடுத்த கோடையில் மீண்டும் தலைகாட்டலாம். வளர வளரத் தானே மறைந்துவிடும்; தழும்பு விடாது.

எல்லா வெளிறலும் இதுதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடவும் கூடாது. பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக, செதிலே இல்லாமல் இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். அதுவும் குஷ்டம் அல்ல, தொற்றுவதும் இல்லை. ஆனால் சீக்கிரம் வைத்தியம் தொடங்குவது நல்லது. ஓரம் தடித்து வட்டமாகப் பரவி அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். தொட்டால் உணர்ச்சி குறைவாகத் தெரியும் வெளிறல் தொழுநோயின் அடையாளம். முகத்தில் மட்டும் உணர்ச்சி மாறாமலும் இருக்கக்கூடும். ஆகவே நெடுநாள் மாறாத வட்டத்தை மருத்துவரிடம் காட்டுவதே சரி. தொழுநோய்க்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

அந்தத் தாயாருக்குச் சென்னைப் பயணம் தேவைப்படவில்லை. ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியோடு முடிந்தது. உங்கள் பிள்ளையின் கன்னத்தில் இப்படி வட்டம் கண்டால், களிம்பு வாங்கும் முன் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.