கடுகும் நெடியும்

செவிலியர் படிப்பில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். தேர்வில் ‘தொண்டை அடைப்பான் எவ்வகையில் பரவுகிறது?’ என்று கேட்டார்களாம். மகள் ‘காற்றுவழி, மறைமுகப் பரவல்’ என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று சுழித்து, ‘திவலைவழி, நேரடிப் பரவல்’ என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். “இருமினால் எச்சில் துளி காற்றில்தானே சார் வருகிறது? பிறகு அது எப்படிக் காற்றுவழி இல்லாமல் போகும்? மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா?” என்பது அம்மாவின் கேள்வி.

பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மகளின் குழப்பம் அவளுடையது மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனமே அதில் மாட்டிக்கொண்டு பல ஆண்டுகள் விழித்திருக்கிறது.

மருத்துவப் பாடநூல்கள் போடும் கணக்கு இது: நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு, நடுவில் எதுவும் தங்கி நிற்காமல் கிருமி போனால் நேரடிப் பரவல். தொடுதல், கடி, தாயிடமிருந்து கருவுக்குப் போவது, முகத்துக்கு நேரே இருமுவது எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர், உணவு, துண்டு, கொசு, அறைக் காற்று என்று நடுவில் ஒன்று கிருமியைச் சுமந்து வைத்திருந்து கொடுத்தால் மறைமுகப் பரவல். ஆக, ஒரே இருமலிலிருந்து வரும் பெரிய துளி ‘நேரடி’ப் பெட்டிக்கும், சின்னத் துளி ‘மறைமுக’ப் பெட்டிக்கும் போகின்றன. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அடுப்படிக்குப் போனால் இது சுலபமாக விளங்கும். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடுகிறீர்கள். வெடித்துத் தெறிக்கிறது. அடுப்புக்கு முன்னால் நிற்பவரின் கையில் சுடுகிறது, மிச்சம் மேடையிலும் தரையிலும் விழுகிறது. இரண்டடி தள்ளி நின்றவருக்கு ஒன்றும் இல்லை. அடுத்து காய்ந்த மிளகாயைக் கருக விடுகிறீர்கள். கூடத்தில் பேப்பர் படிக்கும் தாத்தா இருமுகிறார். அரைமணி கழித்து வந்த விருந்தாளி வாசலிலேயே தும்மிவிட்டு, “என்ன வறுத்தீங்க?” என்கிறார். கடுகு திவலைவழி, நெடி காற்றுவழி. கடுகுக்குத் தட்டைப் போட்டு மூடினால் போதும். நெடி தட்டின் ஓரத்தில் கசியும், அதற்கு ஜன்னலைத் திறக்க வேண்டும்.

இதோடு நிறுத்தினால் உவமை அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் நடப்பது இன்னும் விசித்திரம். வாணலியிலிருந்து தெறித்த கடுகு, தரையைத் தொடுவதற்குள் பாதி வழியிலேயே நெடியாக மாறிவிட்டால் எப்படி இருக்கும்? எச்சில் துளி செய்வது அதைத்தான்.

வாயை விட்டுக் கிளம்பிய துளிக்கு ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, அது விழுகிறது. இரண்டு, அது காய்கிறது. எது முந்துகிறது என்பதுதான் பந்தயம். தலைமுடிப் பருமனுள்ள, அதாவது ஏறக்குறைய 100 மைக்ரான் விட்டமுள்ள துளி, நிற்கும் ஆளின் வாயிலிருந்து தரைக்கு வர ஐந்தாறு வினாடிகள் போதும். 10 மைக்ரான் துளி அதே உயரத்தை இறங்க 8 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 5 மைக்ரானுக்கு அரைமணி, 1 மைக்ரானுக்கு அசையாத காற்றில் அரை நாள். அளவு பத்தில் ஒன்றானால் விழும் நேரம் நூறு மடங்காகிறது.

காய்வதில் இதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. 100 மைக்ரான் துளி காயச் சில வினாடிகள் பிடிக்கும். 10 மைக்ரான் துளிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். அளவைப் பாதியாக்கினால் விழ நாலு மடங்கு நேரம், காய்வதற்குக் கால் பங்கு நேரம். பந்தயத்தின் சாதகம் ஒரே அடியில் பதினாறு மடங்கு புரள்கிறது. அதனால்தான் 200 மைக்ரான் துளி ஈரத்தோடு தரையில் சொத்தென்று விழ, 50 மைக்ரான் துளி தரையைப் பார்ப்பதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. இடையில் உள்ள வித்தியாசம் மயிரிழை அளவுதான்.

காய்ந்தபின் மிஞ்சுவது உப்பு, சளிப் புரதம், அவற்றுக்குள் ஒட்டிக்கொண்ட கிருமி. இந்த எச்சத்துக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் ‘டிராப்லெட் நியூக்ளியை’. துளிக்கரு என்று வைத்துக்கொள்வோம். விட்டம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் விழும் வேகம் ஒன்பதில் ஒன்றாகும். விழுந்துகொண்டிருந்த துளி, காய்ந்ததும் மிதக்கத் தொடங்குகிறது. பிறகு அதை நடத்துவது புவியீர்ப்பு அல்ல, மின்விசிறி. புழுக்கமான நாளில் துளி காய நேரமெடுக்கும் என்பதால் இந்த எல்லைக்கோடும் நகரும். கோடு என்று ஒன்று நிலையாக இல்லை, சரிவுதான் இருக்கிறது. தேர்வுத்தாளுக்கு மட்டும்தான் கோடு தேவைப்படுகிறது.

வரலாற்றையும் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். இருமலில் கிருமி துளியாகப் பறக்கிறது என்று 1890-களில் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே. காற்றில் நோய் பரவுமென்ற பேச்செல்லாம் பழைய மூடநம்பிக்கை, தொடுதலும் அருகாமையுமே முக்கியம் என்று 1910-இல் புத்தகம் எழுதி எல்லாரையும் நம்பவைத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் சேப்பின். மேலே சொன்ன பந்தயத்தை 1934-இல் கணக்குப் போட்டவர் ஹார்வர்டின் வில்லியம் வெல்ஸ். 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் வெல்ஸும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய்வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றுக்கு நோய் வந்தது. புறஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை.

இங்கேதான் ஒரு எண் இடம் மாறியது. காசநோய்க் கிருமி நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகக்கூடியவை ஏறத்தாழ 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். ‘எது ஆழத்துக்குப் போகும்’ என்ற கேள்விக்கான இந்த 5, நாளடைவில் ‘எது காற்றில் மிதக்கும்’ என்ற கேள்விக்கு விடையாகக் கைமாறிவிட்டது. விழுவதற்கும் மிதப்பதற்கும் எல்லையாக வெல்ஸ் கணக்கிட்ட 100 மைக்ரான் மறந்துபோனது. 2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவுவதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் கொட்டை எழுத்தில் அறிவித்ததற்குப் பின்னால் இந்தப் பழைய பிரிவினைதான் இருந்தது. ரேஷன் கடை வாசலில் வட்டம் வரைந்தோம். திருப்பூரில் சந்தைக்குப் போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் சுரங்கம்கூட வைத்தோம். நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியைச் சட்டைமேல் தெளித்துத் துரத்தும் அந்த யோசனையைப் படம்பிடித்துப் போட்ட ஊடகங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரையை யாரும் படம்பிடிக்கவில்லை, அதில் பார்க்க ஒன்றுமில்லையே!

காற்றுவழி என்றால் என்ன என்பதை ஒரு சம்பவம் நன்றாகக் காட்டும். 1981 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்குக்கு 12 வயதுப் பையன் வந்தான். தட்டம்மை, தடிப்பு தோன்றி இரண்டாம் நாள், பலமான இருமல். ஒரு மணி நேரம் இருந்தான், அதில் பெரும்பகுதி ஒரே பரிசோதனை அறைக்குள். பிறகு அந்த கிளினிக்கில் தொற்றியதாக ஏழு குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தது. நாலு பேர் காத்திருப்பு அறையில் அவன் வரும்போதோ போகும்போதோ சற்று நேரம் இருந்தவர்கள். அவர்களிலும் ஒரு மீட்டருக்குள் முகத்துக்கு முகம் வந்தது ஒருவர்தான். மீதி மூன்று பேர் அவன் இருந்த அறையில் அவனோடு இருந்ததே இல்லை. அவர்களில் ஒரு குழந்தை, பையன் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பரிசோதனை அறைக் காற்று கிளினிக் முழுவதும் பரவியதைக் காற்றோட்ட ஆய்வு காட்டியது.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் குழந்தைதான் அளவுகோல். ஆள் போன பிறகும் அறை நோய் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் காற்றுவழி: தட்டம்மை, சின்னம்மை, காசநோய். கொடுக்காது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் திவலைவழி: தொண்டை அடைப்பான், கக்குவான், பொன்னுக்கு வீங்கி. இந்த நோயாளிகள் இருமும்போதும் சிறு துளிகள் காய்ந்து மிதக்கத்தான் செய்கின்றன. ஆனால் காய்வதைத் தாங்கிக்கொண்டு, அறைக் காற்றில் கலந்து நீர்த்துப்போன பிறகும் நோயைத் தரும் சாமர்த்தியம் எல்லாக் கிருமிக்கும் இல்லை. காசநோய்க் கிருமிக்கு மெழுகுபோன்ற மேலுறை உண்டு. தட்டம்மை வைரஸுக்குக் கொஞ்சமே போதும், அறைக் காற்றில் இரண்டு மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும்.

இதே அளவுகோலை ‘நடுவில் என்ன இருக்கிறது?’ என்று மாற்றிக் கேட்டால் மற்றக் குழப்பங்களும் தீரும். வெறிநாய்க்கடியில் நாயை நோய்க்கடத்தி என்று எழுதுவார்கள். நாய்தான் அங்கே நோயாளி. கடி நேரே கிருமியை உள்ளே இறக்குகிறது, ஆகவே நேரடி. எலிக்காய்ச்சலில் எலி நோயின் இருப்பிடம். அதன் சிறுநீர் கலந்த தண்ணீர்தான் பெரும்பாலும் நடுவில் நிற்கிறது, ஆகவே மறைமுகம். பிளேக்கில் எலித்தெள்ளு கடித்து நெறி கட்டினால் கடத்திவழி. அதே கிருமி நுரையீரலைப் பிடித்து நோயாளி இருமத் தொடங்கினால் திவலைவழி. நோயின் பெயரை மட்டும் வைத்து விடை எழுதினால் இங்கே அகப்பட்டுக்கொள்வோம்.

கடத்திகளிலும் இரண்டு சாதி. ஈ வெறும் சுமைகூலி. மலத்தில் உட்கார்ந்த காலோடு இட்லியில் உட்காரும், வேலை முடிந்தது. டெங்கு வைரஸோ ஏடிஸ் கொசுவின் குடலில் நுழைந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அதுவரை அந்தக் கொசு கடித்தாலும் டெங்கு வராது. ‘டெங்கு நோயாளியைக் கடித்த கொசு அடுத்த நிமிடமே உங்களைக் கடித்தால்’ என்று பயமுறுத்தும் கொசுவிரட்டி விளம்பர பாணிப் பேச்சை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களோடு கலந்துபேசி, திவலை, காற்றுவழி என்று அளவை வைத்துக் கோடு கிழிப்பதைக் கைவிட்டது. தொற்றும் சுவாசத் துகள்கள், காற்றினூடே பரவல் என்று பொதுவாகப் பேசுவோம் என்றது. அந்தப் பொருளில் பார்த்தால், துளி காற்றில்தானே வருகிறது என்று கேட்ட மகள் சொன்னது தப்பே இல்லை.

ஆனால் அவளிடம் கேட்டது தொண்டை அடைப்பானைப் பற்றி. அந்த நோயாளி எழுந்து போன ஒரு மணி நேரம் கழித்து வருகிறவருக்கு அறைக் காற்றிலிருந்து நோய் தொற்றுவதாகப் பாடநூல் சொல்லவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் அம்மா. விடைத்தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பாடநூலின் அடுத்த பதிப்பு வரும்போது அந்தச் சிவப்பு மையை எடுத்துப் பார்க்கலாம்.