மோர் வட்டம்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் ‘மோர் வட்டம்’ என்று எழுதுவார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சார், தயிர் வட்டம் எப்போ?” என்று கேட்கும். இந்த நகைச்சுவைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறதே தவிர ஓய்வு கிடைத்தபாடில்லை. மோர் என்பது ஒருவருடைய பெயர். கிறிஸ்டியன் ஓட்டோ மோர், 1835இல் பிறந்த ஜெர்மானியர். ரயில்வேயில் பொறியாளராக இருந்து, பிறகு பேராசிரியராகி டிரெஸ்டன் நகரில் பாடம் நடத்தியவர். தகைவை வட்டமாக வரையலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே சூரிச்சில் இருந்த கார்ல் குல்மானுக்கு வந்துவிட்டது. 1882இல் மோர் அதை விரித்து, எல்லோரும் கையாளக்கூடிய முறையாக்கினார். அதனால் வட்டம் அவர் பெயரில் நிலைத்துவிட்டது.

அந்த வட்டத்தை வரைய காம்பஸ், ஸ்கேல், கோணமானி மூன்றும் போதும். பள்ளிப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் எல்லாம் இருக்கும். ஆனால் வெறும் வட்டத்தை வரைந்து பயனில்லை, ஏதாவது ஒரு பொருளின் கதையாக அது இருக்க வேண்டும். ஓர் அரிசி ஆலையின் ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம்.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட். பேரிங்கைத் தாண்டி நீண்டிருக்கும் முனையில் ஒரு புல்லி, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் ஒரு பெல்ட். ஷாஃப்டுக்கு இங்கே ஒரே நேரத்தில் இரண்டு துன்பம். பெல்ட்டின் இழுப்பு அதை வளைக்கிறது. மோட்டாரின் சுழல்விசை அதை முறுக்குகிறது. பேரிங்கை ஒட்டி, ஷாஃப்டின் உச்சிப் பரப்பில், ஒரு சிறு சதுரத்தைப் பேனாவால் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கங்கள் ஷாஃப்டின் நீளத்துக்குக் குறுக்காக இருக்கின்றன, மற்ற இரண்டும் நீளவாக்கில் ஓடுகின்றன.

வளைவதால் இந்தச் சதுரம் நீளவாக்கில் இழுபடுகிறது. குறுக்குப் பக்கங்களைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்கும் இந்தத் தகைவு 60 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறக்குறைய ஆறு கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு. நீளவாக்குப் பக்கங்களை எதுவும் இழுக்கவில்லை, அங்கே 0. முறுக்குவதால் வருவது வேறு ஜாதி. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல் சீட்டை உள்ளங்கையால் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும் அல்லவா? பக்கத்தை ஒட்டி உரசிக்கொண்டு போகும் அந்தத் தகைவுதான் ஷியர். நம் சதுரத்தில் அது 40 மெகாபாஸ்கல், நான்கு பக்கங்களிலும் அதே அளவு. ஒரு ஜோடிப் பக்கங்களில் மட்டும் இருந்தால் சதுரம் நின்ற இடத்திலேயே பம்பரமாகிவிடும். எதிர் ஜோடி அதைத் தடுத்து நிறுத்துகிறது.

ஆக, கையில் இருப்பவை மூன்று எண்கள்: 60, 0, 40. கேள்வி இதுதான். அந்த இடத்தில் உலோகம் படும் மிகப்பெரிய இழுப்பு எவ்வளவு? 60 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது தவறு. சதுரத்தை நாம் ஷாஃப்டின் நீளத்துக்கு நேராக வரைந்தது நம் வசதிக்காக. சற்றுச் சாய்த்து வரைந்திருந்தால் அதே இடத்தில் வேறு எண்கள் கிடைத்திருக்கும். எந்தச் சாய்வில் ஷியர் முழுக்க மறைந்து வெறும் இழுப்போ அமுக்கமோ மட்டும் மிஞ்சுகிறதோ, அந்தச் சாய்வில் கிடைப்பவை முதன்மைத் தகைவுகள். அங்கேதான் பெரிய இழுப்பும் அதற்கு நேர் எதிரான சிறியதும் இருக்கும்.

இப்போது காகிதத்தை எடுங்கள். கிடைக்கோடு ஒன்று போட்டு அதில் இழுப்பையும் அமுக்கத்தையும் குறிப்போம். வலப்பக்கம் இழுப்பு, இடப்பக்கம் அமுக்கம். நிலைக்கோட்டில் ஷியர். 10 மெகாபாஸ்கலுக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவு வைத்தால் படம் நோட்டுப் பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு கோடுகளுக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பஸுக்கு இங்கே வேலை இல்லை.

ஷியரை மேலே குறிப்பதா கீழே குறிப்பதா என்பதற்கு ஒரு விதி வைத்துக்கொள்வோம். சதுரத்தைக் கடிகாரமுள் திசையில் திருப்பப் பார்க்கும் ஷியர் மேலே, எதிர்த்திசையில் திருப்பப் பார்ப்பது கீழே. நம் ஷாஃப்டில் குறுக்குப் பக்கங்களின் ஷியர் கடிகாரமுள் திசையில் திருப்பப் பார்க்கிறது என்று கொள்வோம். எனவே குறுக்குப் பக்கத்துக்கான புள்ளி வலப்பக்கம் 60, மேலே 40. நீளவாக்குப் பக்கத்தின் ஷியர் அதற்கு நேர் எதிராகத் திருப்பும் என்பதால் அதன் புள்ளி 0இலிருந்து கீழே 40. சில பாடப்புத்தகங்கள் இந்த விதியைத் தலைகீழாக வைத்திருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தவர்கள் குழம்புவது இங்கேதான்.

இரண்டு புள்ளிகளையும் ஸ்கேலால் சேருங்கள். அந்தக் கோடு கிடைக்கோட்டை 30இல் வெட்டும். அதுதான் மையம். காம்பஸின் முள்ளை அங்கே ஊன்றி, பென்சில் முனையை முதல் புள்ளி வரை விரித்துச் சுற்றுங்கள். இரண்டாவது புள்ளியையும் தொட்டுக்கொண்டு வட்டம் முடியும். ஆரத்தை அளந்தால் சரியாக 5 சென்டிமீட்டர், அதாவது 50 மெகாபாஸ்கல். மையத்திலிருந்து முதல் புள்ளி 30 வலமும் 40 மேலும் இருப்பதால் இது பிதாகரஸின் 3-4-5 முக்கோணம்தான்.

வட்டம் கிடைக்கோட்டை வெட்டும் இரண்டு இடங்களைப் படியுங்கள். அங்கே ஷியர் 0, எனவே இவை முதன்மைத் தகைவுகள். வலப்பக்கம் 30 + 50, அதாவது 80. இடப்பக்கம் 30 − 50, அதாவது −20. நாம் 60 என்று நினைத்திருந்த இழுப்பு உண்மையில் 80. இதைவிட வேடிக்கை, கொடுத்த எண்களில் எங்குமே அமுக்கம் இல்லை, ஆனால் 20 மெகாபாஸ்கல் அமுக்கம் ஒன்று ஷாஃப்டுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. சரிபார்ப்பதும் எளிது. முதலில் இருந்த இரண்டு நேர்த் தகைவுகளின் கூட்டல் 60 + 0. இப்போது 80 − 20. இரண்டும் 60தான். சதுரத்தை எப்படிச் சாய்த்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. மாறியிருந்தால் எங்கோ தவறாக வரைந்திருக்கிறீர்கள்.

அந்த 80 எந்தத் திசையில் இருக்கிறது? மையத்தில் கோணமானியை வைத்து, முதல் புள்ளியிலிருந்து 80 வரை கடிகாரமுள் திசையில் அளந்தால் 53 டிகிரி வரும். ஷாஃப்டில் அதில் பாதி, சுமார் 26.5 டிகிரி, அதே திசையில் திரும்ப வேண்டும். ஏன் பாதி? ஒரு வெட்டுப்பரப்பை 180 டிகிரி திருப்பினால் அது பழைய பரப்பேதான், மறுபுறத்தைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆகவே சதுரம் அரைச்சுற்று சுற்றுவதற்குள் வட்டத்தின் புள்ளி முழுச்சுற்று வந்து சேர்ந்துவிட வேண்டும். இந்தப் பாதியை மறந்து 53 டிகிரியையே பட்டறைக்குச் சொல்லி அனுப்புவதுதான் நான் அடிக்கடி பார்த்த தவறு. அடுத்த தவறு, இரண்டு புள்ளிகளையும் கிடைக்கோட்டின் ஒரே பக்கத்தில் வைப்பது. அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். சேர்க்கும் கோடு கிடைக்கோட்டை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் வெட்டாது, மையமே கிடைக்காது.

வட்டத்தின் உச்சியையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஷியர் 50, அந்த இடத்தின் மிகப்பெரிய ஷியர் இதுதான். எஃகுக்கு இந்த எண்தான் முக்கியம், ஏனென்றால் மென்எஃகு இழுப்பால் பிய்வதற்கு முன் ஷியரால் நெகிழ்ந்துவிடும். 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும் சாதாரண எஃகை நேராக இழுத்துச் சோதித்தால், அந்தக் கணத்தில் அதன் வட்டம் 0இலிருந்து 250 வரை நீளும், ஆரம் 125. நம் ஷாஃப்டின் ஆரம் 50. இரண்டரை மடங்கு இடைவெளி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. காகிதத்துக்கு இரண்டு திசைகள், உலோகத்துக்கு மூன்று. ஷாஃப்டின் பரப்புக்கு வெளிப்புறமாக எதுவும் இழுக்கவில்லை, எனவே மூன்றாவது முதன்மைத் தகைவு 0. அது −20க்கும் 80க்கும் நடுவில் அடங்கிவிடுவதால் நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் அழுத்தம் நிறைந்த ஓர் உருளைத் தொட்டியின் சுவரில் சுற்றுவாக்கில் 100, நீளவாக்கில் 50 என்று இரண்டுமே இழுப்பாக இருக்கும். அங்கே காகிதத்து வட்டம் ஆரம் 25 என்று சொல்லும். மூன்றாவது 0ஐயும் சேர்த்தால் பெரிய வட்டம் 0 முதல் 100 வரை போகும், உண்மையான ஷியர் 50. வட்டத்தைச் சரியாக வரைந்தும் பாதி விடையோடு திரும்பி வரும் இடம் இது.

மறுபடியும் ஷாஃப்டுக்கு வருவோம். அது நின்றுகொண்டிருக்கவில்லை, சுழல்கிறது. நாம் வரைந்தது நம் சதுரம் உச்சியில் இருந்த ஒரு கணத்தின் படம். அரைச்சுற்றுக்குப் பின் சதுரம் அடியில் இருக்கும், இழுப்பு அமுக்கமாகிவிடும், 60 என்பது −60 ஆகும். முறுக்கு மட்டும் அப்படியே 40. புது வட்டத்தின் மையம் −30, முதன்மைத் தகைவுகள் 20உம் −80உம். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஷாஃப்டில் இந்த வட்டம் நிமிடத்துக்கு 300 முறை வலத்துக்கும் இடத்துக்கும் ஊசலாடுகிறது. இரண்டரை மடங்கு இடைவெளி இருந்தும், மாதக்கணக்கில் ஓடியபின் பேரிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுவது இந்த ஊசலாட்டத்தால்தான். ஒற்றை வட்டம் அதைச் சொல்லாது.

இரண்டுக்கும் நடுவே, கால் சுற்றில், சதுரம் ஷாஃப்டின் பக்கவாட்டில் இருக்கும்போது வளைவின் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. பெல்ட்டின் இழுப்பு நேரடியாகத் தரும் சொற்ப ஷியரை விட்டுவிட்டால், முறுக்கின் 40 மட்டும்தான் மிச்சம். அப்போது மையம் சரியாக 0இல், முதன்மைத் தகைவுகள் 40உம் −40உம், வட்டத்தில் 90 டிகிரி, ஷாஃப்டில் 45. இந்த ஒன்றைச் சோதிக்க ஆலைக்குப் போக வேண்டாம். ஒரு முழுச் சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து, வளைக்காமல் முறுக்குங்கள். சாக்பீஸ் இழுப்பைத் தாங்காது, அந்த 40 போன்ற இழுப்புக்குச் செங்குத்தாகத்தான் அது பிளக்கும். உடைந்த முகம் திருகுபோலச் சுற்றிக்கொண்டு, 45 டிகிரி சாய்வில் இருக்கும்.