எண்ணக்கூடிய பெயர்ச்சொற்களும் எண்ண முடியாத பெயர்ச்சொற்களும்

ஒன்று, இரண்டு என்று எண்ணை நேராக முன்னே வைத்துச் சொல்லத்தக்க பெயர்ச்சொற்கள் எண்ணக்கூடிய பெயர்கள் எனப்படும். கிலோ, லிட்டர், குடம், பிடி போன்ற அளவுச்சொல்லின் துணையின்றி எண் ஏற்காத பெயர்ச்சொற்கள் எண்ண முடியாத பெயர்கள் எனப்படும். "மூன்று நாற்காலி" என்பது இயல்பான தொடர். "மூன்று பால்" என்றால் முழுமையாக இல்லை. "மூன்று லிட்டர் பால்" என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்வரும் கலப்புப் பட்டியலைப் பிரித்துப் பார்க்கலாம்:

அரிசி, தேங்காய், பால், நாற்காலி, மணல், செங்கல், தக்காளி, எண்ணெய், ரூபாய், பணம், மரம், சோறு, செய்தி, பொறுமை.

பிரிக்கும் முறை

தமிழில் இதற்கு எளிய கருவி "எத்தனை" என்னும் வினாச்சொல். எத்தனை என்பது எண்ணிக்கையைக் கேட்கும். எவ்வளவு என்பது அளவைக் கேட்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், இடையில் வேறு சொல் வராமல், "எத்தனை" என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை தேங்காய், எத்தனை நாற்காலி, எத்தனை செங்கல், எத்தனை தக்காளி, எத்தனை ரூபாய், எத்தனை மரம், எத்தனை செய்தி ஆகியவை பொருந்துகின்றன. இவை எண்ணக்கூடியவை. எத்தனை பால், எத்தனை மணல், எத்தனை எண்ணெய், எத்தனை பணம், எத்தனை பொறுமை என்று யாரும் கேட்பதில்லை. இவை எண்ண முடியாதவை. அரிசியும் சோறும் இந்த வகையையே சேர்ந்தவை.

தவறு நேரும் இடங்கள்

"எத்தனை கிலோ அரிசி?" என்று கேட்கிறோமே, அப்படியானால் அரிசி எண்ணக்கூடியதா என்னும் ஐயம் மாணவர்களுக்கு எழும். அங்கே எண்ணப்படுவது கிலோ, அரிசி அன்று. அதனால்தான் சோதனையில் இடையில் வேறு சொல் வரக்கூடாது.

"எவ்வளவு" என்பதைச் சோதனைக்குப் பயன்படுத்தினால் விடை தவறலாம். பேச்சில் "எவ்வளவு பேர் வந்தார்கள்?" என்று ஆள்களின் எண்ணிக்கையையும் கேட்பதுண்டு. கடையில் "தேங்காய் எவ்வளவு?" என்றால் அது விலையைக் கேட்பது.

"கள்" விகுதியையும் முழுமையாக நம்ப முடியாது. அஃறிணைப் பெயர்கள் பன்மையிலும் கள் இல்லாமல் வரலாம். "பத்துத் தேங்காய்", "பத்துத் தேங்காய்கள்" இரண்டும் சரி. மறுபுறம், எண்ண முடியாத பெயரோடும் கள் சேர்வதுண்டு. "சமையல் எண்ணெய்கள்" என்றால் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என வகைகளைக் குறிக்கும்.

எடை போட்டு விற்பதாலும் ஒரு பொருள் எண்ண முடியாததாகிவிடாது. தக்காளியைக் கடையில் அரைக் கிலோ என்று வாங்குகிறோம். சாம்பாருக்கு இரண்டு தக்காளி என்று எண்ணிப் போடுகிறோம்.

இரு பக்கமும் நிற்கும் சொற்கள்

மரம் என்பது தோட்டத்தில் நிற்கும்போது எண்ணக்கூடியது: "நான்கு மரம் நிற்கிறது." தச்சரிடம் போனால் அது எண்ண முடியாத பொருளாகிறது: "கதவுக்கு எவ்வளவு மரம் தேவைப்படும்?" சொல் ஒன்றே, பொருள் வேறு. ஆகவே ஐயமான சொல்லை வாக்கியத்தில் வைத்தே பிரிக்க வேண்டும்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழியில் இரு பயன்பாடும் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் வரும் சோற்றைப் பானை அளக்கிறது. இரண்டாவதாக வரும் சோறு ஒரு பருக்கையைக் குறிப்பதால் "ஒரு" என்பதை நேராக ஏற்கிறது. எனினும், அன்றாட வழக்கில் சோறு எண்ண முடியாத பெயரே.

பணம் என்ற சொல்லிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். முற்காலத்தில் பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். அப்போது "பத்துப் பணம்" என்று எண்ணினர். இன்று அது பொதுப்பெயராகிவிட்டதால் ரூபாயைத்தான் எண்ணுகிறோம்.

ஆங்கிலத்தோடு ஒப்பீடு

தமிழில் செய்யும் பிரிவு ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்தாது. செய்தி, தகவல், அறிவுரை ஆகிய மூன்றும் தமிழில் எண்ணக்கூடியவை. "இரண்டு தகவல்கள்" என்பது சரியான தமிழ். இவற்றுக்கு நிகரான நியூஸ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் ஆகியவை ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. "டூ இன்ஃபர்மேஷன்ஸ்" என்று எழுதுவது தமிழ்ப் பழக்கத்தால் நேரும் பிழை. "டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்" என்பதே சரி. நியூஸ் என்பதன் இறுதியில் உள்ள "ஸ்" பன்மை விகுதியன்று; அச்சொல் ஒருமை வினையையே ஏற்கும். நாற்காலி, மேசை, கட்டில் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் ஃபர்னிச்சரும் எண்ண முடியாததே. ஆனால் நாற்காலியைக் குறிக்கும் சேர் எண்ணக்கூடியது.

பிரித்த பட்டியல்

* எண்ணக்கூடியவை: தேங்காய், நாற்காலி, செங்கல், தக்காளி, ரூபாய், செய்தி.
* எண்ண முடியாதவை: அரிசி, பால், மணல், எண்ணெய், பணம், சோறு, பொறுமை.
* இடத்துக்கேற்ப மாறுவது: மரம்.